கெஞ்சாதீர்கள், கேளுங்கள்: ஒரு இன்டர்ன்ஷிப் கடிதத்தைத் திருத்தி எழுதுவது பற்றி

"ஹாய் சார், நான் சிவில் தேர்ட் இயர் படிக்கிறேன். உங்க கம்பெனில இன்டர்ன்ஷிப் கிடைக்குமா சார். ரொம்ப ஏழ்மையான குடும்பம் சார். எந்த வேலை குடுத்தாலும் செய்றேன் சார். ப்ளீஸ் சார், ஒரு சான்ஸ் குடுங்க. ரெஸ்யூம் வேணும்னா அனுப்புறேன்."

ஏப்ரல் பிறந்துவிட்டால் இந்த மாதிரிச் செய்திகள் வாட்ஸ்அப்பில் பறக்க ஆரம்பித்துவிடும். கோடை விடுமுறைக்குள் நான்கு வாரம் ஏதாவது ஒரு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் முடித்துச் சான்றிதழ் வாங்கி வா என்று கல்லூரி சொல்லிவிடுகிறது. எப்படிக் கேட்பது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. அப்பாவின் நண்பர் நிறுவனத்தில் இருக்கும் பையனுக்கு ஒரு போன் போதும், கடிதமே தேவையில்லை. அப்படி யாரும் இல்லாத பிள்ளைக்கு அந்த ஆறு வரிதான் கையில் இருக்கும் ஒரே பரிந்துரை. அதனால்தான் அந்த ஆறு வரியைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

மேலே உள்ள செய்தி ஒரே ஒருவர் எழுதியதல்ல. திருத்தித் தரச் சொல்லி வரும் பல செய்திகளின் சாயலைச் சேர்த்து, அடையாளங்களை நீக்கி எழுதியிருக்கிறேன். இதை ஒரு சிவில் மாணவி ஒரு ரெடிமிக்ஸ் கான்கிரீட் ஆலைக்கு அனுப்பப்போகிறாள் என்று வைத்துக்கொண்டு, கடைசிவரை இந்த ஒன்றையே திருத்திப் பார்ப்போம்.

முதலில் இதில் என்ன கோளாறு என்று பார்க்கலாம். இங்கிலீஷ் சரியில்லை என்பார்கள். பிரச்சினை அது இல்லை. மரியாதை இல்லை என்பார்கள். ஆறு வரியில் ஐந்து 'சார்' இருக்கிறது, இதற்கு மேல் என்ன மரியாதை வேண்டும்? உண்மையான கோளாறு வேறு. படிக்கிறவருக்கு இதில் ஒரு தகவல்கூட இல்லை. எந்தத் தேதியிலிருந்து, எத்தனை நாள், ஆலையில் எந்தப் பிரிவில், இவளுக்கு என்ன தெரியும், கல்லூரி அனுமதி இருக்கிறதா, எதுவும் இல்லை. அவ்வளவையும் அவரே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தகவல் இருக்க வேண்டிய இடத்தையெல்லாம் கெஞ்சல் அடைத்துக்கொண்டிருக்கிறது.

இந்தக் கெஞ்சல் எங்கிருந்து வருகிறது? பள்ளிக்கூடத்தில் நாம் எழுதப் பழகிய கடிதம் விடுப்புக் கடிதம். வீட்டில் பார்த்த கடிதம் மனு. பட்டா கேட்டு, ரேஷன் கார்டு கேட்டு, உதவித்தொகை ஏன் வரவில்லை என்று கேட்டு எழுதியவை. அவற்றில் 'மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்ற வரி கட்டாயம் இருக்கும். குடும்பத்தின் கஷ்டம் இருக்கும். தங்கள் கருணையால் எங்கள் வாழ்வு மலரும் என்று முடியும். உரிமையாகக் கிடைக்க வேண்டியதைக்கூட இரந்து கேட்கும்படி நம் அப்பா அம்மாவைப் பழக்கிய மொழி அது. அந்த மொழி அப்படியே வாட்ஸ்அப்புக்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். முன்னால் ஒரு 'ஹாய்' மட்டும் சேர்ந்திருக்கிறது.

இன்டர்ன்ஷிப் விண்ணப்பம் மனு அல்ல. 'நான் இந்த வேலையைக் கற்க வருகிறேன், என்னால் இவ்வளவு உதவ முடியும், இந்த நாட்களில் வர முடியும், உங்களுக்கு வசதிப்படுமா?' என்று இரண்டு பேர் பேசிக்கொள்ளும் ஏற்பாடு அது. பணிவு வேறு, மரியாதை வேறு. பணிவு தன்னைக் குறைத்துக் காட்டுகிறது. மரியாதை அடுத்தவரின் நேரத்தை வீணாக்காமல் பேசுகிறது. திருத்தும்போது முதலாவதை எடுத்துவிட்டு இரண்டாவதை வைக்க வேண்டும்.

அந்தப் பக்கம் யார் படிக்கிறார்?

ரெடிமிக்ஸ் ஆலையில் இந்தச் செய்தியைப் படிக்கப்போகிறவர் பெரும்பாலும் தரக் கட்டுப்பாட்டுப் பொறியாளராகவோ ஆலை மேலாளராகவோ இருப்பார். லாரி வெளியே போவதற்குள் ஸ்லம்ப் பார்க்க வேண்டும், கியூப் வார்க்க வேண்டும், சைட்டிலிருந்து வண்டி ஏன் வரவில்லை என்று போன் வந்துகொண்டிருக்கும். நடுவில் கிடைக்கும் ஒரு நிமிடத்தில் கைப்பேசியில் படிப்பார். அவருக்கு மூன்று விஷயங்கள் தெரிய வேண்டும். இந்தப் பிள்ளையால் எனக்கு வேலை கூடுமா குறையுமா? எந்த நாட்களில் வருவாள்? நான் இப்போது என்ன பதில் சொல்ல வேண்டும்?

'எந்த வேலை குடுத்தாலும் செய்றேன்' என்ற வரி முதல் கேள்விக்குத் தவறான பதிலைத் தருகிறது. எழுதுகிறவளுக்கு அது உழைக்கும் மனசு. படிக்கிறவருக்கோ இவளுக்கு என்ன தெரியும் என்றே தெரியவில்லை, என்ன வேலை தருவது என்று நான்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும் என்ற அர்த்தம். அதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எந்த வேலையும் செய்வேன் என்று போன பிள்ளைக்கு நான்கு வாரமும் ஜெராக்ஸ் எடுக்கும் வேலைதான் கிடைக்கும். என்ன கற்க வந்தேன் என்று எழுத்தில் சொல்லியிருந்தால், பிறகு அதை நினைவூட்டவாவது ஒரு வழி இருக்கும்.

திருத்துவதற்கு முன் கேட்க வேண்டியது

இங்கேதான் நம் தோழர்கள் பலர் அவசரப்படுகிறார்கள். தம்பி ஒரு செய்தியை அனுப்பினால், உடனே அதை நல்ல இங்கிலீஷில் மாற்றித் தந்துவிடுகிறார்கள். அப்படி மாற்றினால் கிடைப்பது அதே வெறுமைதான், கோட்டு சூட்டு போட்ட வெறுமை. 'ஆர்வமும் அர்ப்பணிப்பும் மிக்க மாணவி, எதையும் விரைவில் கற்றுக்கொள்வேன்' என்று வரும். அதை யாரும் நம்புவதில்லை, ஏனென்றால் எல்லாரும் அதையே எழுதுகிறார்கள்.

பேனாவை எடுக்கும் முன் கேள்வி கேட்க வேண்டும். நம் சிவில் மாணவியிடம் நான் கேட்பது இப்படி இருக்கும்.

"ஏம்மா, ஏன் ரெடிமிக்ஸ் ஆலை?"

"கான்கிரீட் லேப் எனக்குப் பிடிக்கும் அக்கா."

"லேப்ல என்ன பண்ணீங்க?"

"கியூப் போட்டோம். ஸ்லம்ப் பார்த்தோம்."

"எத்தனை கியூப், எந்தக் கலவை?"

"எம்20. ஆறு கியூப். மூணு ஏழாம் நாள் உடைச்சோம், மூணு இருபத்தெட்டாம் நாள்."

"நீ என்ன பண்ண?"

"நான்தான் ஸ்லம்ப் அளந்தேன். ரீடிங் எல்லாம் எக்செல்ல போட்டதும் நான்தான்."

"எல்லாம் சரியா வந்துச்சா?"

இந்தக் கடைசிக் கேள்விதான் பொக்கிஷத்தைத் திறக்கும். கொஞ்சம் தயங்கிச் சொல்வாள்: இருபத்தெட்டாம் நாள் உடைத்த மூன்றில் இரண்டு 26.4, 25.8 நியூட்டன் காட்டின. மூன்றாவது 19.8 தான் வந்தது. மூன்றின் சராசரி 24. தனி ஒரு கியூப் சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது என்று ஐஎஸ் 456 சொல்கிறது. 24க்கு 15 சதவீதம் 3.6, ஆகவே 20.4க்குக் கீழே போனால் அந்த மாதிரியின் முடிவையே ஏற்க முடியாது. 19.8 அதற்குக் கீழே. உடைந்த கியூபைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கம் தேன்கூடு போல ஓட்டை ஓட்டையாக இருந்தது. அச்சில் போடும்போது ஒவ்வொரு அடுக்கையும் கம்பியால் 35 முறைக்குக் குறையாமல் குத்த வேண்டும், அவசரத்தில் அந்த ஒன்றைச் சரியாகக் குத்தவில்லை. குழுவில் ஒருவர் 24 என்று மாற்றி எழுதிவிடலாம் என்றாராம். இவள் 19.8 என்றே பதிந்து, பக்கத்தில் காரணத்தையும் எழுதி வைத்திருக்கிறாள்.

"இதை ஏம்மா எழுதல?"

"அது தப்பா வந்தது அக்கா. அதைப் போய் எப்படி எழுதுறது?"

அதைத்தான் எழுத வேண்டும். கான்கிரீட் ஆய்வகத்தில் இருப்பவருக்கு, வந்த அளவை வந்தபடி எழுதுகிற, விலகினால் ஏன் என்று பார்க்கிற ஒரு பிள்ளையைவிட வேறு என்ன வேண்டும்? அழகான எண்களைப் போட்டு நிரப்புகிறவர்களை அவர் நிறையப் பார்த்திருப்பார். அந்த 19.8 இவளுடைய மொத்தச் செய்தியிலும் இல்லாமல் போய், ஏழ்மை மட்டும் இடம்பிடித்திருந்தது. நம் பிள்ளைகளுக்கு எது தங்கள் தகுதி என்பதே சொல்லித்தரப்படவில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இன்னும் ஒரு கேள்வி பாக்கி: "ஆலைக்குப் போனா என்ன பார்க்கணும்?" இதற்கும் முதல் பதில் "எல்லாமே அக்கா" என்றுதான் வரும். விடாமல் கேட்டால் சொல்வாள். ஆய்வகத்தில் உலர்ந்த மணலை எடை போட்டுப் போட்டோம். ஆலையில் மணல் வெளியே குவிந்து கிடக்கும், மழை பெய்தால் நனையும். நனைந்த மணலோடு கலவைக்குள் தண்ணீரும் சேர்ந்துவிடுமே, அப்போது ஊற்றும் தண்ணீரை எவ்வளவு குறைப்பார்கள்? அதேபோல ஆலையில் அளந்த ஸ்லம்ப், லாரி வேலையிடத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் குறைந்துவிடுமாமே, அதை எப்படிச் சமாளிப்பார்கள்? இவை இரண்டும் ஒரு ரெடிமிக்ஸ் ஆலை தினமும் சந்திக்கும் கேள்விகள். இவற்றை எழுதினால், இந்தப் பெண் எங்கள் வேலையைப் பற்றி யோசித்திருக்கிறாள் என்று படிக்கிறவருக்கு உடனே புரியும்.

திருத்திய கடிதம்

இப்போது எழுதலாம். வரிசை முக்கியம். முதல் வாக்கியத்திலேயே என்ன வேண்டும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். பிறகு நான் யார், என்ன செய்திருக்கிறேன், ஏன் உங்கள் ஆலை, எந்த ஏற்பாடு தயாராக இருக்கிறது, உங்களிடம் என்ன பதில் வேண்டும். ஏப்ரல் நடுவில் மின்னஞ்சலில் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம்.

பொருள்: ஜூன் 2 முதல் 27 வரை தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் இன்டர்ன்ஷிப் – சிவில் மூன்றாம் ஆண்டு மாணவி

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் ஆலையின் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் ஜூன் 2 முதல் 27 வரை, நான்கு வாரம், இன்டர்ன்ஷிப் செய்ய வாய்ப்பு உண்டா என்று கேட்டு எழுதுகிறேன். நான் (கல்லூரியின் பெயர்) கல்லூரியில் சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன்.

இந்தப் பருவத்தில் எங்கள் குழு எம்20 கலவையில் ஆறு கியூப்கள் வார்த்து, 7ஆம் நாளும் 28ஆம் நாளும் சோதித்தது. ஸ்லம்ப் அளப்பதும் முடிவுகளை எக்செலில் பதிவதும் என் பொறுப்பு. 28ஆம் நாள் முடிவுகளில் ஒன்று சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தது. அந்தக் கியூபின் அடியில் தேன்கூடு போன்ற ஓட்டைகளைக் கண்டு, குத்தியது போதவில்லை என்ற குறிப்போடு அந்த அளவை அப்படியே பதிந்தேன்.

மணலின் ஈரத்துக்கு ஏற்ப ஆலையில் தண்ணீரின் அளவை எப்படி மாற்றுகிறார்கள், ஆலையிலிருந்து வேலையிடம் போவதற்குள் ஸ்லம்ப் எவ்வளவு குறைகிறது என்பவற்றை உங்கள் ஆய்வகத்தில் கற்க விரும்புகிறேன். மாதிரி எடுப்பது, கியூப் வார்ப்பது, பதிவேடு எழுதுவது ஆகியவற்றில் என்னால் உதவ முடியும்.

கல்லூரியின் அனுமதிக் கடிதத்தையும் ஒரு பக்க ரெஸ்யூமையும் இணைத்திருக்கிறேன். தங்குவதற்கு ஏற்பாடு செய்துகொண்டேன். இடம் உண்டா இல்லையா என்பதை ஏப்ரல் 30க்குள் தெரிவித்தால் கல்லூரியில் பதிவு செய்ய எனக்கு உதவியாக இருக்கும்.

நன்றி.
(பெயர், கைப்பேசி எண்)

ஒரே மூச்சில் படித்துவிடலாம், கைப்பேசித் திரையில் இரண்டு தள்ளு தள்ளினால் முடிந்துவிடும். 'ப்ளீஸ்' இல்லை, 'தாழ்மையுடன்' இல்லை. ஆனாலும் மரியாதைக் குறைவாக எதுவும் இல்லை. 'உண்டா இல்லையா' என்று கேட்டதில், இல்லை என்று சொல்லும் உரிமையும் அவருக்குத் தரப்பட்டிருக்கிறது. மரியாதை என்பது அதுதான். பழைய செய்தியில் இல்லாத ஒரு நிமிர்வும் இதில் இருக்கிறது.

படிக்கிறவரின் பெயர் தெரிந்தால் 'ஐயா / அம்மையீர்' என்பதற்குப் பதில் பெயரோடு 'அவர்களுக்கு' என்று போடுவது இன்னும் நல்லது. ஆலை அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, இன்டர்ன்ஷிப் பற்றி யாருக்கு எழுத வேண்டும் என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். அந்த ஒரு போன் பலருக்குக் கூச்சமாக இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து பேச வையுங்கள்.

நிறுவனம் இங்கிலீஷில்தான் எதிர்பார்க்கும் என்றால் என்ன செய்வது? பெரும்பாலும் அப்படித்தான் எதிர்பார்ப்பார்கள். அப்போதும் முதலில் தமிழில் இப்படி எழுதிவிட்டு, பிறகு ஒவ்வொரு வாக்கியமாக மாற்றச் சொல்லுங்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம் மட்டும் இருந்தால், சாதாரண இங்கிலீஷே போதும். சொல்ல விஷயம் இல்லாதபோதுதான் பெரிய பெரிய வார்த்தைகள் தேவைப்படும்.

எதை எழுதக்கூடாது

குடும்பத்தின் ஏழ்மையை எழுத வேண்டாம். வறுமை வெட்கப்பட வேண்டியது என்பதால் சொல்லவில்லை. இந்தக் கடிதத்தைப் படிக்கிறவர் அதை வைத்துக்கொண்டு செய்யக்கூடியது எதுவும் இல்லை என்பதால் சொல்கிறேன். அவர் இரக்கப்பட்டு இடம் தந்தால், நான்கு வாரமும் நீங்கள் இரக்கத்துக்கு உரியவராகவே அங்கே இருக்க வேண்டியிருக்கும். பேருந்துச் செலவுக்கும் சாப்பாட்டுக்கும் வழியில்லை என்பது உண்மையான பிரச்சினை. அதை நிறுவனம் 'சரி, வா' என்று சொன்ன பிறகு, ஒரு நேர்க் கேள்வியாகக் கேளுங்கள்: "இன்டர்ன்ஷிப்புக்கு உதவித்தொகையோ பயணப்படியோ உண்டா? எத்தனை மணிக்கு வர வேண்டும்?" உதவித்தொகை எதிர்பார்ப்பதை மறைக்க வேண்டியதில்லை. உழைப்புக்குக் காசு கேட்பதில் தவறே இல்லை.

அடுத்தது சாதி. ஸ்டேஷனரிக் கடையில் விற்கும் பயோடேட்டா படிவத்தில் தந்தை பெயர், மதம், சாதி, திருமணம் ஆனதா, சொந்த ஊர் என்றெல்லாம் வரிசையாக இருக்கும். கல்லூரியில் சுற்றிவரும் மாதிரிகளிலும் அவற்றைப் பார்க்கலாம். கம்பெனிக்கு அனுப்பும் ஒரு பக்கத்தில் இவற்றுக்கு வேலையே இல்லை. கியூப் உடைப்பதற்கும் சாதிக்கும் என்ன சம்பந்தம்? தாட்கோ போன்ற அரசு நிறுவனங்கள் நடத்தும் பயிற்சித் திட்டங்களில் சேர்வது வேறு. அங்கே சாதிச் சான்றிதழ் கேட்பது நம் உரிமையின் பகுதி, அங்கே தாராளமாகக் கொடுங்கள். தனியார் நிறுவனத்துக்கு நாமாக முன்வந்து எழுதிக்கொடுக்க வேண்டாம். அந்த இடத்தில் ஆய்வகத்தில் செய்த இரண்டு சோதனைகளையும் தெரிந்த மென்பொருளையும் எழுதினால் பக்கம் சரியாக நிரம்பும்.

திருத்துகிறவர்களுக்கு இரண்டு சோதனைகள்

கடிதம் சரியாக வந்திருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் இரண்டு சோதனைகளை வைத்திருக்கிறேன்.

முதலாவது, நிறுவனத்தின் பெயரை அழித்துவிட்டு, ஒரு சாலைப் பணி நிறுவனத்தின் பெயரைப் போட்டுப் படித்துப் பாருங்கள். அப்போதும் கடிதம் பொருந்தினால், அது யாருக்கும் எழுதப்படாத கடிதம். மேலே உள்ள கடிதத்தில் மணல் ஈரமும் ஸ்லம்ப் குறைவும் அந்தப் பெயர் மாற்றத்தை உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஒரே செய்தியை நாற்பது நிறுவனங்களுக்கு அனுப்புவதைவிட, ஐந்து நிறுவனங்களுக்கு அந்த ஒரு பத்தியை மாற்றி எழுதி அனுப்புவது மேல். மற்ற பத்திகளைத் தொட வேண்டியதில்லை, ஆகவே வேலையும் அதிகமில்லை.

இரண்டாவது, கடிதத்தை மாணவியிடம் கொடுத்து ஒவ்வொரு வாக்கியத்தையும் அவளுடைய பேச்சில் விளக்கச் சொல்லுங்கள். பொறியாளர் போன் பண்ணி, "15 சதவீதம்னு எழுதியிருக்கியே, எதுலேர்ந்து 15 சதவீதம்?" என்று கேட்டால் தடுமாறாமல் சொல்ல வேண்டும். அவளால் விளக்க முடியாத வாக்கியம், எவ்வளவு அழகாக இருந்தாலும், அவளுடையது அல்ல. அதை அடித்துவிடுங்கள். நாம் எழுதிக்கொடுத்த மொழியில் அவளுக்கு இடம் கிடைத்து, அவளுடைய மொழியில் அவள் அங்கே போய் நின்றால், சங்கடப்படப்போவது அவள்தான். இது நம் மேல் உள்ள பொறுப்பு. திருத்துகிறவர் கேள்வி கேட்கலாம், வரிசை மாற்றலாம், வெட்டலாம். செய்யாததைச் செய்ததாக ஒரு சொல்கூடச் சேர்க்கக் கூடாது.

அனுப்பும்போது

மின்னஞ்சல் முகவரி நடிகர் பெயரோடும் பட்டப்பெயரோடும் இருந்தால், சொந்தப் பெயரில் புதிதாக ஒன்று தொடங்கச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை. கோப்பின் பெயர் `final new 2.pdf` என்று இருந்தால், அவர் பதிவிறக்கிய பிறகு யாருடையது என்றே தெரியாது. பெயரும் துறையும் வரும்படி மாற்றுங்கள். 'ரெஸ்யூம் வேணும்னா அனுப்புறேன்' என்று எழுதக் கூடாது, கூடவே அனுப்பிவிட வேண்டும். அவர் கேட்டு, இவள் அனுப்பி, அவர் திறப்பதற்குள் அந்த ஒரு நிமிடம் போய்விடும்.

சிறு நிறுவனங்களில் மின்னஞ்சலைப் பார்க்கவே மாட்டார்கள், வாட்ஸ்அப்தான் ஓடும். அப்படியானால் முழுக் கடிதத்தையும் பிடிஎஃப் ஆக இணைத்து, மேலே மூன்று வரி போதும்: "வணக்கம் ஐயா. நான் சிவில் மூன்றாம் ஆண்டு மாணவி. ஜூன் 2 முதல் 27 வரை உங்கள் ஆய்வகத்தில் இன்டர்ன்ஷிப் கேட்டுக் கடிதம் இணைத்திருக்கிறேன், நேரம் கிடைக்கும்போது பார்த்துப் பதில் சொல்லுங்கள்." எல்லாவற்றையும் ஒரே செய்தியில் அனுப்புங்கள். முதலில் 'ஹாய்' என்று மட்டும் அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது, வாசலில் நின்று பெயர் சொல்லாமல் கதவைத் தட்டுவது போன்றது. இரவு பத்து மணிக்கு மேல் வேண்டாம், வேலை நேரத்தில் அனுப்புங்கள்.

பதில் வரவில்லை என்றால் ஒரு வாரம் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டலாம். "கடந்த வாரம் அனுப்பிய கடிதத்தைப் பார்க்க நேரம் கிடைத்ததா?" என்று கேட்டால் போதும். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்த நிறுவனத்துக்குப் போங்கள். பதில் வராதது உங்கள் தகுதியைப் பற்றிய தீர்ப்பு அல்ல, பல நேரம் யாரும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார்கள். உடனே சரி என்று சொல்லி, சான்றிதழுக்கு இவ்வளவு பணம் கட்டு என்று கேட்டால், அது வேலை கற்றுத்தரும் இடம் அல்ல, சான்றிதழ் விற்கும் கடை. அங்கே நன்றி சொல்லிவிட்டு விலகுங்கள்.

இதெல்லாம் கார்ப்பரேட்டுக்கு ஏற்ற மாதிரி நம் பிள்ளைகளை இழைத்துத் தருவதுதானே என்று கேட்கும் தோழர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. தெரிந்தவர் மூலம் உள்ளே போகும் பாதை திறந்திருக்கும்வரை, எவ்வளவு நல்ல கடிதமும் வரிசையின் கடைசியில்தான் நிற்கும். நிறுவனங்கள் இடங்களை வெளிப்படையாக அறிவித்து, உதவித்தொகை தந்து, யாரை எடுத்தோம் என்று சொல்ல வேண்டும் என்ற கோரிக்கையைக் கடிதம் எழுதக் கற்றுக்கொடுப்பது ஈடுசெய்யாது. ஆனால் அந்தக் கோரிக்கை நிறைவேறும்வரை இந்த ஜூன் மாதம் காத்திருக்காது. தவிர, நான் சொல்லும் திருத்தம் பிள்ளைகளை அவர்களுக்கு ஏற்றபடி வளைக்கவில்லை. வளைந்து நின்ற மொழியை நிமிர்த்துகிறது. 'ஏழ்மையான குடும்பம் சார்' என்பதை எடுத்துவிட்டு 'அந்த அளவை அப்படியே பதிந்தேன்' என்று வைக்கும்போது, எழுதிய பெண்ணே தன்னை வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பிக்கிறாள்.

படிப்பு வட்டம் நடத்துகிற தோழர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்குங்கள். ஒருவர் தன் செய்தியை வாசிக்கட்டும், பக்கத்தில் இருப்பவர் கேள்வி மட்டும் கேட்கட்டும். எத்தனை, எப்போது, அதில் நீ என்ன செய்தாய், எது சரியாக வரவில்லை, அங்கே போய் எதைப் பார்க்க வேண்டும். வருகிற பதில்களை அவரவர் நோட்டில் எழுதிக்கொண்ட பிறகுதான் கடிதத்தைத் தொட வேண்டும். கேட்கிறவர் சிவில் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. 'எல்லாமே பண்ணோம் அக்கா' என்ற பதிலோடு நிறுத்திக்கொள்ளாதவராக இருந்தால் போதும்.